அம்மாவின் ‘லை’

அம்மாவின் சமையல் நோட்டைப் பற்றிக் கவிதை எழுதப் போகிறீர்களா? ‘அன்பு’, ‘வாசம்’, ‘கைமணம்’ மூன்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அவை எல்லா அம்மாக்களுக்கும் பொருந்தும். உங்கள் அம்மாவின் கையெழுத்து அவருக்கு மட்டுமே உரியது.

நோட்டின் முதல் பக்கத்தில் அம்மா ஊர்ப்பெயரை எழுதியிருந்தார்: அடி அண்ணாமலை. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பே பள்ளிப்படிப்பை முடித்தவர். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் புதிய எழுத்துகளைப் புழங்கத் தொடங்கியிருந்தாலும், எங்கள் ஊர்ப் பள்ளியில் பழையதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் அவருடைய ‘ணா’வுக்குக் கால் தனியே நிற்காது, வாலிலேயே சுழித்து முடியும். ‘லை’ தும்பிக்கையைத் தூக்கி நிற்கும். எங்கள் ஊர்ப்பெயரில் இரண்டுமே இருக்கின்றன.

கார்த்திகைப் பொரி உருண்டைப் பக்கத்தைத்தான் கவிதைக்கு எடுத்துக்கொண்டேன். படிப் பொரிக்கு ஆழாக்கு வெல்லம், கைப்பிடி வேர்க்கடலை. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என ஒலிக்க வேண்டும் என்று எழுதி, அந்த ‘டங்’கின் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தார். பதம் தப்பினால் உருண்டை உதிரும் என்ற பயம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. என் வரிகள் இவை:

வேர்க்கடலை எழுதும்போதெல்லாம்
லை தும்பிக்கை தூக்கும்.
நுனியில் வெல்லக் கறை.
டங் என்ற இடத்தில்
பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

ஒரு மலருக்கு அனுப்பினேன். தொகுத்தவர் என்னைக் கேட்காமலே தும்பிக்கை வரியை வெட்டிவிட்டார். பழைய எழுத்து இப்போது யாருக்குப் புரியும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த இடத்தில் ‘தாயன்பு’ வந்து உட்கார்ந்திருந்தது. அச்சான பிறகு எதுவும் செய்ய முடியவில்லை. அம்மா போய்விட்ட பின் அவர் கையசைவைச் சொல்ல எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வரிதான். அதனால் சொல்கிறேன்: கவிதையோடு ‘என்னைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது’ என்று எழுதி அனுப்புங்கள், அச்சுக்கு முன் மெய்ப்பு கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. போனில் தட்டினால் பழைய ‘லை’ வராது. யூனிகோடில் அதற்குத் தனிக் குறியீடு கிடையாது, பழைய வடிவம் வரைந்த எழுத்துரு இருந்தால்தான் தெரியும். ஆகவே வடிவத்தை எழுத்துருவிடம் ஒப்படைக்காமல் சொல்லிலேயே வரைந்துவிடுங்கள். சிறு வயதுக்காரர்களுக்கும் அப்போது பிடிபடும். சீர்திருத்தத்துக்குப் பின் பிறந்த என் தங்கை மகள் வரியைப் படித்துவிட்டு நோட்டை வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் தும்பிக்கையைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

நோட்டை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். மை மங்கிய இடத்திலும் பேனா அழுத்திய பள்ளம் தெரியும். ‘டங்’கின் கீழே கோடு ஒன்றல்ல, இரண்டு என்பதை அப்படித்தான் கண்டேன்.