கமென்ட்டில் முகம் தெரிய வேண்டும்

கேள்வி: யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன். அடுப்படியில் கையில் தட்டோடு நிற்கும் படத்தைத்தான் புரொஃபைல் படமாக வைத்திருக்கிறேன். கீழே சேனல் பெயரும் உண்டு. பெரிதாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. ஆனால், கமென்ட்டில் நான் பதில் போட்டால் அது நான்தான் என்றே தெரியவில்லை என்கிறாள் மகள். என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மகள் சொல்வது சரிதான். நீங்கள் 800-க்கு 800 பிக்சலில் ஏற்றிய படம், கணினியில் கமென்ட் பகுதிக்கு வரும்போது சுமார் 40 பிக்சல் வட்டமாகச் சுருங்கிவிடுகிறது. உங்கள் படத்தில் முகத்தின் உயரம் 200 பிக்சல்தான். 40-ல் அது வெறும் 10 புள்ளி. அதற்குள் கண், மூக்கு, வாய் எல்லாம் அடங்க வேண்டும் என்றால் எப்படித் தெரியும்?

முதலில் பெயரை எடுத்துவிடுங்கள். படம் வரும் இடங்களில் பெரும்பாலும் பக்கத்திலேயே சேனல் பெயரோ ஹேண்டிலோ வந்துவிடுகிறது. சுழியும் புள்ளியுமான நம் எழுத்துகள் இந்த அளவில் வெறும் கோடாகத்தான் தெரியும். அதோடு, வட்டம் கீழே குறுகுவதால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வெட்டுப்படும். தட்டும் வேண்டாம். சாப்பாட்டைக் காட்ட தம்ப்நெயில் இருக்கிறது.

அடுத்து, நெற்றி முதல் தாடை வரை முகம் 500 பிக்சல் வருகிற மாதிரி வெட்டுங்கள். சிறிதாகும்போது 25 புள்ளி கிடைக்கும். ஆள் அடையாளம் தெரிய அது போதும். ஏற்றிய படத்தையே இழுத்துப் பெரிதாக்கினால் மங்கிவிடும், போனில் இருக்கும் மூலப் படத்திலிருந்து வெட்ட வேண்டும். உச்சந்தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள், கொண்டை வட்டத்துக்கு வெளியே போய்விடக் கூடாது.

ஆனால், வெட்டிச் சரிசெய்ய முடியாத குறை ஒன்று இருக்கிறது. நீங்கள் வாய் மூடிப் புன்னகைக்கிறீர்கள். நேரில் அது அழகுதான். 25 புள்ளி முகத்தில் உதட்டோரம் ஒரு புள்ளி அளவுகூட உயராது. பார்ப்பவருக்கு உம்மென்று இருப்பதாகவே தோன்றும். மேலே எரியும் டியூப்லைட் கண்குழியில் நிழல் போட்டிருப்பதால், கண்கள் இரண்டும் கறுப்புத் திட்டாகிவிட்டன. எனவே புதிதாகவே எடுத்துவிடுங்கள். பகலில் ஜன்னலுக்கு எதிரே சற்றுச் சாய்வாக நின்று, டியூப்லைட்டை அணைத்துவிட்டு, பல் தெரியச் சிரியுங்கள். பல்லின் வெண்மையும் கண்ணின் வெண்மையும்தான் அந்தச் சின்ன வட்டத்தில் சிரிப்பைக் காட்டும். கண்ணாடி போடுபவர் என்றால் முகத்தை லேசாகத் தாழ்த்துங்கள், ஜன்னல் வெளிச்சம் அதில் பளிச்சிடாது.

பின்னால் மஞ்சளோ வெளிர்நீலமோ ஒரே நிறமாக இருக்கட்டும். கறுப்பான பின்னணியில் தலைமுடி கரைந்து, டார்க் மோடில் முகம் மட்டும் மிதக்கும்.

ஏற்றுவதற்கு முன் படத்தை 40 பிக்சலுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். முகம் பின்னணியோடு ஒட்டிக்கொண்டால் பின்னணியை மாற்றுங்கள். பிறகு, உங்களை அறியாத ஒருவரிடம் காட்டி, 'இவங்க என்ன பண்றாங்க?' என்று கேளுங்கள். 'சிரிக்கிறாங்க' என்று உடனே சொல்லாவிட்டால் வேறு படம் எடுங்கள்.