முன்மொழிவில் விலையும் காலமும்: ஒப்பிட்டுத் தேர்வதற்கு ஏற்ற அமைப்பு

முன்மொழிவின் மற்றப் பக்கங்களை வாடிக்கையாளர் ஒருமுறை படிப்பார். விலையும் கால அளவும் உள்ள பக்கத்தை மட்டும் பல முறை புரட்டுவார், பங்குதாரரிடமும் கணக்காளரிடமும் காட்டுவார். முன்மொழிவை எழுதியவர் அப்போது அருகில் இருக்க மாட்டார். அதனால் அந்தப் பக்கம் எவருடைய விளக்கமும் இல்லாமல் தானே புரிய வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, விடைகளை அருகருகே வைத்தால் அது நடக்கும்.

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகப் பார்க்கலாம். சென்னிமலையில் போர்வை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை, கோவையிலுள்ள சிறிய மென்பொருள் நிறுவனத்திடம் இணையதளம் கேட்கிறது. கடையில் 300 வகைச் சரக்கு இருக்கிறது. தீபாவளி வியாபாரத்தைப் பிடிக்க, செப்டம்பர் 30-க்குள் தளம் ஓட வேண்டும். கடையும் நிறுவனமும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை.

படி 1: தேர்வுகளைப் பயனால் பிரித்தல்

‘அடிப்படை’, ‘சிறப்பு’, ‘பிரீமியம்’ என்ற பெயர்கள் வாடிக்கையாளருக்கு எதையும் சொல்வதில்லை. தளம் வந்த பிறகு கடையில் என்ன மாறும் என்பதே பெயராக வேண்டும். இந்தக் கடைக்கு மூன்று தேர்வுகள் அமைகின்றன.

அ. பட்டியல் தளம்: சரக்கைப் பார்க்கலாம், ஆர்டர் தொலைபேசியில் வரும்.
ஆ. ஆர்டர் தளம்: தளத்திலேயே ஆர்டரும் பணமும் வரும்.
இ. இருப்போடு இணைந்த ஆர்டர் தளம்: கூடுதலாக, டேலி கணக்கிலுள்ள சரக்கு இருப்பு தளத்தில் தானாகத் தெரியும்.

ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் ஒரு தெளிவான பயனைக் கூட்டுகிறது. இப்படிப் படிப்படியாக ஏறும் தேர்வுகளை ஒப்பிடுவது எளிது. ஒன்றில் பயிற்சி கூடி, இன்னொன்றில் பராமரிப்பு குறைந்து, மூன்றாவதில் வடிவமைப்பே வேறாக இருந்தால், விலை வித்தியாசம் எதனால் வந்தது என்று வாடிக்கையாளரால் சொல்ல முடியாது. தேர்வுகள் மூன்றுக்கு மேல் போனாலும் இதே குழப்பம் வரும். கூடுதல் வேலைகளைத் தனித் தேர்வாக்காமல், அட்டவணைக்குக் கீழே தனி விலையுடன் தருவது நல்லது.

படி 2: வரிசைகளை முதலில் முடிவு செய்தல்

தேர்வுகள் நெடுக்காகவும் வேலைகள் கிடையாகவும் நிற்க வேண்டும். வேலைகளின் பட்டியலை மிகப் பெரிய தேர்விலிருந்து எடுத்து, அதையே மற்ற இரண்டுக்கும் வைக்க வேண்டும். சிறிய தேர்வில் ஒரு வேலை இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால், அது இலவசமா, மறந்துபோனதா, சேராததா என்ற சந்தேகம் வரும். பின்னாளில் எழும் தகராறுகளில் பல அந்த வெற்றுக் கட்டத்தில்தான் தொடங்குகின்றன.

| வேலை | அ | ஆ | இ |
|---|---:|---:|---:|
| வடிவமைப்பு | 45,000 | 45,000 | 45,000 |
| சரக்கு ஏற்றம் (300 × ₹60) | 18,000 | 18,000 | 18,000 |
| ஆர்டர், பண வசதி | இல்லை | 62,000 | 62,000 |
| டேலி இருப்பு இணைப்பு | இல்லை | இல்லை | 70,000 |
| பயிற்சி | 5,000 (1 நாள்) | 5,000 (1 நாள்) | 10,000 (2 நாள்) |
| ஒருமுறைச் செலவு | 68,000 | 1,30,000 | 2,05,000 |
| ஜி.எஸ்.டி. 18% | 12,240 | 23,400 | 36,900 |
| வரியுடன் | 80,240 | 1,53,400 | 2,41,900 |

ஒரே வேலைக்கு மூன்று கட்டங்களிலும் ஒரே தொகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதனால் கண் தானாகவே மாறும் கட்டங்களுக்குப் போகிறது. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையிலுள்ள 62,000 ரூபாய் முழுவதும் ஆர்டர், பண வசதிக்கானது என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

சரக்கு ஏற்றத்தில் எண்ணிக்கையும் அலகு விலையும் சேர்ந்தே நிற்கின்றன. கடைக்காரர் பிறகு 40 வகை கூட்டினால் 2,400 ரூபாயும் அதற்குரிய வரியும் கூடும் என்பது அங்கேயே தெரிகிறது. ‘தேவைக்கேற்ப’ என்று எழுதியிருந்தால் இரு தரப்பும் வேறுவேறு எண்ணை மனத்தில் வைத்திருப்பார்கள்.

வரிக்கு முன்னும் பின்னும் உள்ள தொகைகள் இரண்டும் தேவை. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கடை, செலுத்திய வரியை உள்ளீட்டு வரிச் சலுகையாகப் பெற வாய்ப்புண்டு. கணக்காளர் வரியற்ற தொகையைப் பார்ப்பார். கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதை முதலாளி பார்ப்பார். ஒரு தேர்வுக்கு வரியுடனும் இன்னொன்றுக்கு வரியில்லாமலும் தொகை தருவதுதான் இந்தப் பக்கத்தில் நேரக்கூடிய மோசமான பிழை. தொகைகளை வலப்புறம் ஒழுங்குபடுத்தி, லட்சக் கணக்குப்படி காற்புள்ளி இட வேண்டும்.

படி 3: தொடர் செலவைப் பிரித்து, மூன்றாண்டுக்குக் கூட்டுதல்

ஒருமுறைச் செலவையும் ஆண்டுச் செலவையும் ஒரே கூட்டுத்தொகையில் கலக்கக் கூடாது. ஆண்டுச் செலவுக்குத் தனி அட்டவணை வேண்டும். அது எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பதும் வேண்டும். இங்கே தளம் வெளியாகும் நாளில் தொடங்குகிறது.

| ஆண்டுச் செலவு | அ | ஆ | இ |
|---|---:|---:|---:|
| டொமைன், ஹோஸ்டிங் | 8,000 | 14,000 | 14,000 |
| பராமரிப்பு | 6,000 | 18,000 | 36,000 |
| வரியுடன் ஆண்டுக்கு | 16,520 | 37,760 | 59,000 |
| மூன்றாண்டு மொத்தம் (ஒருமுறைச் செலவு சேர்த்து, வரியுடன்) | 1,29,800 | 2,66,680 | 4,18,900 |

கடைசி வரிசை முடிவையே மாற்றக்கூடியது. வரியுடன் ஒருமுறைச் செலவில் அ-வுக்கும் ஆ-வுக்கும் உள்ள இடைவெளி 73,160 ரூபாய். மூன்றாண்டில் அது 1,36,880 ஆகிறது, ஏறக்குறைய இரு மடங்கு. முதல் அட்டவணையோடு நிறுத்தியிருந்தால் இது இரண்டாம் ஆண்டு பில் வரும்போதுதான் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

சேராத செலவுகளை அட்டவணைக்கு நேர் கீழே எழுத வேண்டும். இங்கே அவை இரண்டு: சரக்கைப் புகைப்படம் எடுக்கும் செலவு, பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்துக்குக் கடை நேரடியாகச் செலுத்தும் கட்டணம். நிபந்தனைப் பக்கத்தின் அடியில் ஒதுக்கினால் இவை மறைத்ததுபோல் தோன்றும்.

படி 4: காலத்தை ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணுதல்

‘எட்டு வாரம்’ என்ற சொல் எங்கிருந்து எட்டு வாரம் என்று சொல்லாதவரை பயனற்றது. மூன்று தேர்வுகளுக்கும் தொடக்க நாள் ஒன்றே: முன்பணம், சரக்குப் படங்கள், விலைப் பட்டியல் ஆகிய மூன்றும் கைக்கு வந்த நாள். வாரம் என்பது விடுமுறைகளும் சேர்ந்த நாட்காட்டி வாரம். வேலை நாள்களில் எண்ணினால் வாடிக்கையாளர் விரல்விட்டுக் கணக்கிட வேண்டியிருக்கும்.

| | அ | ஆ | இ |
|---|---:|---:|---:|
| மொத்தக் காலம் | 4 வாரம் | 8 வாரம் | 11 வாரம் |
| செப்டம்பர் 30-க்கு முடிய, கடைசித் தொடக்க நாள் | செப்டம்பர் 2 | ஆகஸ்ட் 5 | ஜூலை 15 |

இரண்டாம் வரிசை, முடிய வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிடைத்தது. கடைக்காரருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். ஜூலை 15 கடந்துவிட்டால் இ-யைத் தீபாவளிக்கு முன் கேட்க முடியாது என்பதை அவர் தாமே கண்டுகொள்வார்.

அடுத்து, ஒவ்வொரு கட்டமும் யார் பொறுப்பு, எது நடந்தால் அது முடிந்ததாகும் என்பவை வேண்டும். ஆ-வுக்கு அது இப்படி அமையும்:

| வாரம் | கட்டம் | பொறுப்பு | முடிந்ததன் அடையாளம் |
|---|---|---|---|
| 1–2 | வடிவமைப்பு | நிறுவனம் | மாதிரிப் பக்கங்கள் அனுப்பப்படும் |
| 3 | ஒப்புதல் | கடை | எழுத்தில் ஒப்புதல் வரும் |
| 4–6 | உருவாக்கம், சரக்கு ஏற்றம் | நிறுவனம் | 300 சரக்கும் சோதனைத் தளத்தில் தெரியும் |
| 7 | சோதனை | இருவரும் | ஒரு சோதனை ஆர்டர் பணத்துடன் முடியும் |
| 8 | பயிற்சி, வெளியீடு | நிறுவனம் | தளம் பொதுமக்களுக்குத் திறக்கும் |

மூன்றாம் வாரம்தான் இந்த அட்டவணையின் பலவீனமான இடம். ஒப்புதல் பத்து நாள் தாமதித்தால் பின்னுள்ளவை எல்லாம் பத்து நாள் தள்ளிப்போகும். அதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுத வேண்டும். பேமெண்ட் கேட்வே கணக்கைத் திறக்க அந்த நிறுவனம் கடையின் ஆவணங்களைச் சரிபார்க்கும். அந்தக் காலம் இரு தரப்பின் கையிலும் இல்லை. அதனால் விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போடுவதாகக் குறிப்பது பாதுகாப்பு.

படி 5: பணத்தையும் கட்டத்தையும் இணைத்தல்

தவணைகளைத் தேதியோடு கட்டாமல் முடிந்ததன் அடையாளத்தோடு கட்ட வேண்டும். ஆ-வுக்குத் தொடக்கத்தில் 40 விழுக்காடு, வடிவமைப்பு ஒப்புதலின்போது 30, வெளியீட்டின்போது 30 என்று வைத்தால், தொகைகள் முறையே 61,360, 46,020, 46,020 ரூபாய். விழுக்காட்டோடு ரூபாயும் எழுத வேண்டும். மூன்று தேர்வுகளுக்கும் ஒரே விழுக்காடு இருந்தால் தவணையும் ஒப்பிடக் கூடியதாகிறது. விலை எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் இங்கேயே வர வேண்டும்.

படி 6: பரிந்துரையைக் காரணத்தோடு சொல்லுதல்

மூன்றையும் வைத்துவிட்டு மௌனமாக இருப்பது வாடிக்கையாளருக்கு உதவாது. ஆனால் பரிந்துரை அட்டவணைக்குப் பின்னால் வர வேண்டும். அட்டவணையில் ஒரு தேர்வுக்கு மட்டும் அடர் நிறம் பூசினால் ஒப்பீட்டின் மீதே நம்பிக்கை போய்விடும். இந்தக் கடைக்கு எழுதத்தக்க பரிந்துரை: “ஜூலை 15-க்குள் தொடங்க முடியாவிட்டால் ஆ போதும். இருப்பு இணைப்பைத் தீபாவளிக்குப் பிறகு சேர்க்கலாம். அதற்கு வரியுடன் 88,500 ரூபாய் ஆகும். தொலைபேசியில் வரும் ஆர்டர்களைக் கையாள ஆள் போதுமென்றால் அ-வே சரி.” எந்தச் சூழலில் சிறிய தேர்வு போதும் என்றும் இது சொல்கிறது. 88,500 என்பது வரியுடன் ஒருமுறைச் செலவில் இ-க்கும் ஆ-வுக்கும் உள்ள வித்தியாசமே. பின்னால் சேர்ப்பதற்கு விலை கூடுமென்றால் அந்தக் கூடுதலையும் எழுத வேண்டும்.

படி 7: அனுப்பும் முன் சோதித்தல்

வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் இந்தப் பக்கத்தை மட்டும் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஆ-வை எடுத்தால் முதலாண்டில் மொத்தம் எவ்வளவு? அ-வில் கிடைக்காதது எது? தீபாவளிக்கு முன் வேண்டுமென்றால் என்றைக்குள் முடிவு சொல்ல வேண்டும்? முதல் கேள்விக்கு விடை 1,91,160. அதைக் காண அவர் இரண்டு அட்டவணைகளைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே ‘முதலாண்டு மொத்தம்’ என்ற வரிசை ஒன்று இன்னும் தேவை என்பது சோதனையில் வெளிப்படுகிறது. அ-வுக்கு அது 96,760, இ-க்கு 3,00,900. மற்ற இரண்டு விடைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. படிப்பவர் கால்குலேட்டரைத் தேடும் இடமெல்லாம் அட்டவணையில் ஒரு வரிசை குறைகிறது என்று கொண்டு, அதைச் சேர்த்த பிறகே முன்மொழிவை அனுப்ப வேண்டும்.