பால் பொங்கும்போது என்ன சொல்லி வாழ்த்துவது?

கேள்வி: அடுத்த மாதம் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். ஹோமம் எதுவும் வைக்கவில்லை. விளக்கேற்றிப் பால் மட்டும் பொங்கவிடப் போகிறோம். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? சாஸ்திரத்தில் இருக்கிறதா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

புது வீட்டுக்குள் நுழையும் சடங்கு மிகப் பழையது. ரிக்வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் 54ஆவது பாட்டு, வாஸ்தோஷ்பதி என்ற வீட்டுத் தெய்வத்தைப் பார்த்துப் பேசுகிறது. மூன்றே செய்யுள்தான். எங்களை அடையாளம் கண்டுகொள், நுழைவதற்கு நல்ல இடமாக இரு, நோயைத் தள்ளி வை, இரண்டு கால் உள்ளவர்களுக்கும் நான்கு கால் உள்ளவைக்கும் நலம் தா என்று அது கேட்கிறது. இன்றைக்கும் கிரகப்பிரவேச ஹோமத்தில் புரோகிதர்கள் இதைச் சொல்கிறார்கள். அதர்வவேதத்தின் மூன்றாம் காண்டத்தில் ஒரு பாட்டு வீட்டையே நேரில் விளித்து, நிலையாக நில் என்கிறது. மாலையில் குழந்தையும் கன்றும் பசுக்களும் இந்த வீட்டுக்கு வரட்டும் என்கிறது. ஒரு பெண்ணை அழைத்து, நிறைகுடத்தை உள்ளே கொண்டு வா என்றும் சொல்கிறது. பசுவும் கன்றும் முதலில் நுழைய, பின்னால் சுமங்கலி ஒருத்தி நிறைகுடத்தோடு வருவதை நீங்கள் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதே காட்சிதான் இந்தப் பாட்டிலும் இருக்கிறது.

அடுத்து வந்த கிருஹ்ய சூத்திரங்கள் இதை முறைப்படுத்தின. பாரஸ்கர கிருஹ்ய சூத்திரத்தில் வீட்டுக்காரர் உள்ளே தீ வளர்த்து, தண்ணீர்க்குடம் வைத்து, படையலுக்குச் சோறு சமைக்கிறார். பிறகு வெளியே வந்து வாசலருகே நின்று, உள்ளே அமர்ந்திருக்கும் புரோகிதரிடம் ‘நுழைகிறேன்’ என்று அனுமதி கேட்டுவிட்டு நுழைகிறார். கோபில சூத்திரம் பாலில் வேகவைத்த சோற்றை வீட்டுத் தெய்வத்துக்குப் படைக்கச் சொல்கிறது. ஆக, அந்த நூல்களில் சடங்கின் நடுவில் இருப்பவை தீ, தண்ணீர், சோறு, வாய்ச்சொல் ஆகிய நான்கும்தான்.

பாலைப் பொங்கி வழியவிடுவதற்கு வேறு வேர் இருக்கிறது. அது எங்கெல்லாம் வழங்குகிறது என்று பாருங்கள். கேரளத்தில் புதுமனை விழாவின் பெயரே ‘பாலுகாச்சல்’தான். அங்கே இந்துக்களைப் போலவே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அந்தப் பெயரில் விழா எடுக்கிறார்கள். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் புது வீட்டில் பாலைப் பொங்கவிடுகிறார்கள். இலங்கையில் சிங்களவர்கள் புது வீட்டிலும் சித்திரைப் புத்தாண்டிலும் புதுப் பானையில் பாலைப் பொங்கி வழியவிடுகிறார்கள். நம் ஊரில் பாதிரியார் வந்து ஜெபம் செய்து வீட்டை ஆசீர்வதித்த பிறகு பால் காய்ச்சும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். ஒரு மதத்தின் நூல் விதித்த சடங்கு இப்படி மதம் தாண்டியும் மொழி தாண்டியும் பரவுவது அரிது. தைப்பொங்கல் பானை பொங்குவதை நல்ல குறியாகக் கொள்ளும் இதே நிலப்பரப்பின் அடுக்களையில் இது வளர்ந்தது என்பதே என் முடிவு. புது அடுப்பில் முதலில் ஏறும் பொருள் நிறைந்து வழிய வேண்டும் என்பதுதான் அதன் உட்கருத்து. ஆகவே ஹோமம் இல்லாமல் பால் மட்டும் காய்ச்சுவதைக் குறையாக எண்ண வேண்டாம். அது தனியாகவே முழுமையான ஒரு வழக்கம்.

கேள்வி: அந்த நேரத்தில் என் மாமியார் தமிழில் நாலு வரி வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதற்கு மரபு ஏதாவது உண்டா? எழுதித் தர முடியுமா? (அதே வாசகி)

மரபு உண்டு. தொல்காப்பியம் செய்யுளியலில் ‘புறநிலை வாழ்த்து’ என்று ஒரு வாழ்த்து வகை சொல்லப்படுகிறது. அதில் மூன்று கூறுகள் இருக்க வேண்டும். நீ வழிபடும் தெய்வம் உன்னைக் காக்கட்டும் என்பது முதலாவது. பழியில்லாத செல்வம் உன்னிடம் இருக்கட்டும் என்பது இரண்டாவது. தலைமுறை தலைமுறையாக நீ சிறந்து விளங்கு என்பது மூன்றாவது.

இதில் இரண்டு நுட்பங்களை நான் மிகவும் மதிக்கிறேன். தெய்வத்தின் பெயரை அது சொல்லவில்லை. வாழ்த்துகிறவரின் தெய்வத்தையும் சொல்லவில்லை. வாழ்த்தப்படுகிறவர் கும்பிடும் தெய்வம் எதுவோ, அது காக்கட்டும் என்கிறது. அதனால் எந்த மதத்து வீட்டிலும், எந்த மதத்தவர் வாயாலும் இதைச் சொல்லலாம். அடுத்தது, செல்வத்தை வெறுமனே கேட்காமல், பழி இல்லாத செல்வமாகக் கேட்கிறது. கடன் வாங்கி, நகை அடகு வைத்து, பல வருஷம் உழைத்துக் கட்டிய வீட்டில் நின்று கேட்கத் தகுந்தது அதுதான்.

வேதப் பாட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வீட்டுக்காரர் தாமே ‘எங்களுக்குத் தா’ என்று கேட்கிறார். இங்கே இன்னொருவர் ‘உனக்கு ஆகட்டும்’ என்கிறார். உங்கள் வீட்டில் சொல்லப் போகிறவர் மாமியார் என்பதால் இரண்டாவது முறையே பொருந்தும். அந்த மூன்று கூறுகளோடு, வேதப் பாட்டில் இருக்கும் நோயின்மையையும், நம் வீடுகள் எப்போதும் நினைக்கும் விருந்தோம்பலையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்:

> நீங்கள் கும்பிடும் தெய்வம்
> இந்த வாசலில் நின்று காக்கட்டும்.
> இங்கே கால் வைத்த யாருக்கும்
> நோய் நொடி அண்டாதிருக்கட்டும்.
> பழி ஒட்டாத செல்வம்
> இந்தப் பாலைப்போலப் பொங்கட்டும்.
> வந்தவர் எல்லாரும் பசியாறட்டும்.
> வழிவழியாக வாழுங்கள்.

கடைசி வரி முடிந்ததும் சுற்றி நிற்பவர்கள் ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லலாம். தென் மாவட்டத்துக்காரர்கள் வீட்டில் இருந்தால் அந்த இடத்தில் குலவை போடுவார்கள்.

வீட்டைப் பொறுத்துச் சில மாற்றங்கள் செய்துகொள்ளுங்கள். பெரியவர் யாரும் இல்லாமல் கணவன் மனைவியே சொல்வதானால், ‘நாங்கள் கும்பிடும் தெய்வம்’ என்று தொடங்கி ‘வழிவழியாக வாழ்வோம்’ என்று முடிக்கலாம். வாடகை வீட்டிலும் ஒரு சொல்கூட மாற்றாமல் இதைச் சொல்லலாம். பிள்ளை வரத்தை வெளிப்படையாக எழுதாமல் விட்டது தெரிந்தே செய்தது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியோ தனியாக வாழும் ஒருவரோ நடுவில் நிற்கும்போது, கூடியிருப்பவர்கள் முன்னால் அந்த வரி அவர்களை வருத்தும். பேரன் பேத்தி இருக்கும் வீடு என்றால், ‘பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக வழிவழியாக வாழுங்கள்’ என்று நீட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு விழாவில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போதே பால் வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. யாரும் வாழ்த்துச் சொல்லவே இல்லை. சரியான நேரத்தை எப்படிப் பிடிப்பது? (ஒரு வாசகர், ஈரோடு)

பால் எப்படிப் பொங்குகிறது என்று தெரிந்தால் நேரம் தானாகப் பிடிபடும். பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். தண்ணீர் கொதித்தால் குமிழி மேலே வந்து உடைந்து போகிறது. பால் சூடாகும்போதோ அதிலுள்ள புரதமும் கொழுப்பும் மேலே ஆடையாகத் திரள்கின்றன. அடியிலிருந்து வரும் நீராவி உடனே வெளியேற முடியாமல் நுரையாகச் சேர்ந்து, ஆடையையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. அதனால்தான் வெகுநேரம் சும்மா இருக்கும் பால் சில நொடிகளில் விளிம்பைத் தாண்டிவிடுகிறது.

நுரை ஏறத் தொடங்கிய பிறகு வாழ்த்தை ஆரம்பித்தால் முடிக்க முடியாது. மேலே எழுதிய வாழ்த்தை நிதானமாகச் சொல்ல அரை நிமிஷம் வேண்டும். அரை லிட்டர் பாலைச் சற்றுக் குறுகிய வாயுள்ள பாத்திரத்தில், பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். அகன்ற சட்டியில் நுரை பரந்துவிடும், விளிம்பை எட்டாது. நடுத்தரத் தீயில் வையுங்கள். விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்னக் குமிழிகள் வட்டமாகத் தோன்றி, ஆடை சுருங்கத் தொடங்கும். அப்போது வாழ்த்துகிறவர் முதல் வரியைத் தொடங்க வேண்டும். இரண்டு வரி முடிவதற்குள் நுரை எழும்பினால் தீயைக் குறையுங்கள், அது தாழும். ‘வந்தவர் எல்லாரும்’ என்று வரும்போது தீயைக் கூட்டினால், கடைசி வரியில் பால் வழியும்.

குமிழைத் திருகும் இந்த வேலைக்கென்று ஒருவரை நிறுத்துங்கள். வழிந்த பால் பர்னரை அணைத்துவிட்டால் எரிவாயு மட்டும் கசிந்துகொண்டிருக்கும். ஜன்னல் சாத்திய சமையலறையில் பத்துப் பேர் நிற்கும் நேரத்தில் அது ஆபத்து. பால் வழிந்த உடனே அடுப்பின் குமிழை மூடிவிட வேண்டும். பர்னர் துளைகளைத் துடைத்த பிறகே மறுபடி பற்ற வையுங்கள். எரிவாயு இணைப்பு இன்னும் வராத வீட்டில் செங்கல் அடுக்கி விறகு வைப்பதானால், கிரானைட் மேடையிலோ டைல்ஸ் தரையிலோ நேரடியாக வைக்காதீர்கள், சூட்டில் விரிசல் விடும். அடியில் மணலைக் கனமாகப் பரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது வீட்டில் காய்ச்சிய பால் திரிந்துபோனது. அபசகுனம் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். பரிகாரம் உண்டா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

புளிப்பு சேர்ந்த பால் சூடு பட்டால் திரியும். உங்கள் வீட்டில் அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். விழாவுக்காகப் பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தேய்த்திருப்பீர்கள். கழுத்து மடிப்பில் புளி கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும். ஈயம் பூசாத பித்தளையில் பாலே காய்ச்சக் கூடாது. இல்லாவிட்டால் விடியற்காலை முகூர்த்தத்துக்காக முந்தின மாலையே பால் வாங்கி, குளிர்சாதனப் பெட்டி இன்னும் வராத புது வீட்டில் வெளியே வைத்திருப்பீர்கள். இரவெல்லாம் வெளியே இருந்த பால் வாசனையில் தெரியாமலே லேசாகப் புளித்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு கரண்டிப் பாலைத் தனியாக முதலில் கொதிக்க வைத்துப் பாருங்கள், கெட்டது என்றால் அதிலேயே திரிந்துவிடும்.

புளிப்பு தவிர இதற்கு வேறு பொருள் கிடையாது என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். நல்ல பால் வாங்கி, எவர்சில்வர் பாத்திரத்தில், இருவருக்கும் வசதியான ஒரு காலையில் மறுபடி காய்ச்சுங்கள். அன்று பேசிய உறவினர்களில் மூத்தவர் ஒருவரையே அழைத்து வாழ்த்தைச் சொல்லச் சொல்லுங்கள். அபசகுனம் என்று சொன்ன வாயாலேயே ‘வழிவழியாக வாழுங்கள்’ என்று கேட்டால் உங்கள் மனைவியின் மனம் தேறும். நீங்கள் கேட்ட பரிகாரம் அதுதான்.