வீட்டை விற்கும் முன்: எதைச் சரிசெய்யலாம், எதை விடலாம்?

தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரியில் பழைய வீட்டை விற்க நினைப்போர், 2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்காமல் கணக்குப் போட வேண்டும். வாங்க வருபவரின் கண் முதலில் சுவரின் அடிப்பகுதிக்குத்தான் போகும்.

முதலில் சோதனை: உப்பு பூத்த இடத்தில் ஒரு முழ பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால், ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

செய்ய வேண்டியவை: மொட்டை மாடி வடிகால் வாயில் அடைத்த சருகை எடுப்பது, ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, இறுகிய கதவை இழைப்பது, உடைந்த சுவிட்சை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுவது. செலவு குறைவு, விட்டுவைத்தால் வீடே கவனிப்பாரற்றது என்று விலையைக் குறைப்பார்கள்.

விட வேண்டியவை: சமையலறையைப் புதுப்பிப்பது, தரை முழுக்க டைல்ஸ் மாற்றுவது. வாங்குபவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வார். போட்ட பணம் முழுதாகத் திரும்புவது அரிது.

ஈரச் சுவருக்கு: பெயின்ட் அடிக்காதீர்கள். சில மாதங்களில் கொப்பளித்து உரியும். உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் பூச்சை மட்டும் கொத்தி, சுவர் காய்ந்தபின் பூசுங்கள்.

வெள்ளம் ஏறிய உயரத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எளிதில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவு.