பட்டியல் தொகைக்கு மனுவா, நினைவூட்டா?

அரசு அலுவலகத்துக்குச் சாமான் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நிற்கும் கிள்ளைப் பக்கத்துச் சிறு பட்டறைக்காரர், எந்த வழியில் கேட்பது என்று யோசித்து முடிவெடுப்பது அபூர்வம். பக்கத்துக் கடைக்காரர் 1100-க்குப் போன் போட்டால் இவரும் போடுவார். ‘கலெக்டர்கிட்ட மனு கொடு’ என்று அப்பா சொன்னால் திங்கட்கிழமை கடலூருக்குப் பஸ் ஏறுவார். நேரில் கேட்பது, நினைவூட்டுக் கடிதம், மனு, தகவல் உரிமைச் சட்டம், வக்கீல் நோட்டீஸ் என எல்லா வழிகளும் தெரிந்தவைதான். இவற்றில் தகுதிக்கு மீறிய பெயர் வாங்கியிருப்பது மனு.

குறைதீர் நாளில் கொடுத்தாலும் முதலமைச்சரின் முகவரிக்கு அனுப்பினாலும், மனு மேலே தங்குவதில்லை. எந்த அலுவலகம் பணம் தரவில்லையோ அதே அலுவலகத்துக்குத்தான் ‘நடவடிக்கைக்காக’ இறங்கி வருகிறது. அங்கே அதற்கென்று தனி எண் விழுகிறது. பட்டியல் கிடக்கும் கோப்பு ஒரு மேசையில், மனு இன்னொரு மேசையில். மனுவைப் பார்க்கும் எழுத்தருக்கு அதை முடித்து வைப்பதே வேலை. ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் வழங்கப்படும்’ என்று எழுதினால் கணக்கில் அது முடிந்த மனு. மனு கொடுத்துப் பணம் வாங்கியவர்களும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். எல்லாக் காகிதமும் சரியாக இருந்து, ஒதுக்கீடும் இருந்து, கையெழுத்து மட்டும் பாக்கி என்றால் மேலிருந்து வரும் தட்டு உதவும். இருப்புப் பதிவேட்டில் சாமான் வரவு வைக்கப்படவில்லை என்றாலோ, ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்றாலோ, அந்தத் தட்டுக்கு விடை சமாதானக் கடிதம்தான். தடை எது என்று தெரியாமல் மனு எழுதுவது, நோய் தெரியாமல் மருந்து குடிப்பது.

தடையை வெளியே கொண்டுவருவது நினைவூட்டுக் கடிதம். ஆனால் வழக்கமாக எழுதப்படும் கடிதத்தில் அதற்கு இடமே இல்லை. ‘ஐயா, பலமுறை நேரில் வந்தும் பணம் கிடைக்கவில்லை, கடன் வாங்கித் தொழில் செய்கிறேன், கருணை கூர்ந்து’ என்று ஒரு பக்கம் ஓடும். அதை வைத்து எந்தக் கோப்பைத் தேடுவது? கற்பனையாக, சிதம்பரத்து அலுவலகம் ஒன்றுக்கு இரும்பு பெஞ்சு செய்து கொடுத்த கிள்ளைப் பட்டறை ஒன்றை வைத்துத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

பொருள்: இரும்பு பெஞ்சுகள் 24 – வழங்கியது – பட்டியல் தொகை ரூ.86,400 – நிலுவை – தொடர்பாக.
பார்வை: 1. தங்கள் வழங்கல் ஆணை ந.க.எண்.412/2024/ஆ2, நாள் 10.06.2024. 2. எங்கள் பட்டியல் எண் 37, நாள் 05.07.2024. 3. எங்கள் கடிதம், நாள் 12.09.2024.
பார்வை 1-இன்படி பெஞ்சுகள் 03.07.2024 அன்று ஒப்படைக்கப்பட்டன. பெறுகைச் சீட்டின் நகல் இணைப்பில். பட்டியல் தற்போது எந்த நிலையில் உள்ளது, ஆவணம் ஏதும் குறைகிறதா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன்.

ந.க.எண் இதில் உயிர்நாடி. கடைசியில் இருக்கும் ‘ஆ2’ கோப்பு எந்தப் பிரிவினுடையது என்று சொல்லிவிடுவதால், தபால் நேராக அந்த மேசைக்குப் போய்ப் பழைய கோப்போடு சேரும். ‘ஆவணம் குறைகிறதா’ என்ற கேள்விக்கு இல்லை, உண்டு என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்குப் பதில் போடாமலே இருந்தால் என்ன செய்வது என்பது நியாயமான ஆட்சேபம். அப்போதுதான் தகவல் உரிமை விண்ணப்பம் பொருளுள்ளதாகிறது. 10 ரூபாய் கட்டணத்தில், அதே ந.க.எண்ணைக் காட்டி, 12.09.2024-க்குப் பிறகு கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று விளக்கம் கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். குறிப்பின் நகலில் தடை தெரிந்துவிடும்.

பொறுமையாக இருந்தால் வரும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. தவணை பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட, ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. நீங்கள் எத்தனை நினைவூட்டு அனுப்பினாலும் அந்தக் கெடு நீளாது. ‘அடுத்த மாசம் பாக்கலாம்’ என்ற வாய்ச்சொல்லாலும் நீளாது. தொகை தர வேண்டியிருக்கிறது என்று கெடுவுக்குள் அலுவலகம் கையெழுத்திட்டு எழுதினால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். ஆகவே இந்தப் பட்டறைக்காரர் 03.07.2027-ஐத் தாண்ட விடக்கூடாது. அரசின் மீது வழக்குப் போடுவதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸும் தேவை என்பதால், வக்கீலிடம் போவது அந்த ஏப்ரலுக்குள் நடப்பது நல்லது.