அம்புக்குறி போட்ட எண்ணும் போடாத எண்ணும்

கேள்வி: என் கணவருக்கு வயது 58. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. போன வருடமும் இந்த வருடமும் ஒரே லேபில், வெறும் வயிற்றில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். போன வருடம் 196 இருந்த மொத்தக் கொலஸ்ட்ரால் இப்போது 214 ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் அதைத் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் நார்மல். அன்றிலிருந்து முட்டையை நிறுத்திவிட்டேன், எண்ணெயையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். முழங்கால் வலிக்கு அவ்வப்போது மாத்திரை போடுவார், வேறு மருந்து எதுவும் இல்லை. கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா? இரண்டு ரிப்போர்ட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நகல்களை அனுப்பியது நல்லதாகப் போயிற்று அம்மா. கொலஸ்ட்ரால் விஷயத்தில் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதே தாளில் இன்னொரு எண் இருக்கிறது. கிரியாட்டினின் போன வருடம் 0.82, இந்த வருடம் 1.08. நார்மல் அளவு 0.7 முதல் 1.3 வரை என்று அச்சிட்டிருப்பதால் அதற்கு அம்புக்குறி விழவில்லை, உங்கள் கண்ணிலும் படவில்லை. என்னைக் கேட்டால் அம்புக்குறி அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே மனிதரிடம் இன்றும் அடுத்த வாரமும் ரத்தம் எடுத்தால் இரண்டு எண்களும் அச்சாக ஒன்றாக வருவது அபூர்வம். அதற்கு முதல் காரணம் ரத்தம் எடுக்கும் விதம். படுத்திருப்பவரிடம் எடுத்ததற்கும் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தவரிடம் எடுத்ததற்கும் கொலஸ்ட்ராலில் கிட்டத்தட்ட 10 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். நிற்கும்போது ரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் நீர் வெளியே கசிகிறது, கொலஸ்ட்ராலைச் சுமக்கும் பெரிய துகள்கள் உள்ளேயே தங்கிவிடுகின்றன, அதனால் எண் கூடுகிறது. கையில் பட்டையை இறுக்கிக் கட்டி நேரம் கடத்தினாலும் இதே கதைதான். இரண்டாவது காரணம் கருவி. ஒரே ரத்தத்தை நூறு முறை ஓட்டினாலும் எண்கள் ஒரு நடு எண்ணைச் சுற்றிக் கொஞ்சம் சிதறியே வரும். மூன்றாவது, நம் உடம்பு. நோய் நொடி எதுவும் இல்லாத ஆளுக்கும் ரத்தத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு நடு நிலையைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இதைத்தான் உயிரியல் ஏற்ற இறக்கம் என்கிறோம்.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதை உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 91 பேரிடம் வாரம் ஒரு முறையாக 10 வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு சதவீதம் கிடைக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு அது சுமார் 6, கிரியாட்டினினுக்கு சுமார் 4.5. கருவியின் சிதறலை லேப்பே தினமும் கன்ட்ரோல் சாம்பிள் ஓட்டிக் கணக்கு வைத்திருக்கும். நல்ல லேபில் இந்த இரண்டு பரிசோதனைக்கும் 3 சதவீதம் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் சேர்த்து, எவ்வளவு மாறினால் அது நிஜமான மாற்றம் என்று சொல்ல ஒரு சூத்திரம் இருக்கிறது. யூஜீன் ஹாரிஸ் என்ற புள்ளியியலாளர் 1983-இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவலானது:

2.77 × √(கருவியின் சிதறல்² + உடம்பின் ஏற்ற இறக்கம்²)

இந்த 2.77 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒப்பிடப்படும் இரண்டு எண்களுமே ஆடக்கூடியவை, ஒன்று மட்டும் நிலையானதல்ல. அதற்காக 2-இன் வர்க்கமூலமான 1.414. நூற்றுக்கு 95 பங்கு உறுதி வேண்டும் என்பதற்காக 1.96. இரண்டையும் பெருக்கினால் 2.77.

முதலில் கொலஸ்ட்ரால். 3-இன் வர்க்கம் 9, 6-இன் வர்க்கம் 36, கூட்டினால் 45. அதன் வர்க்கமூலம் 6.7. அதை 2.77-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 18.6 சதவீதம். அதாவது 196-இலிருந்து ஆரம்பித்தால், உடம்பில் ஒன்றுமே மாறாமல் அடுத்த எண் 160 முதல் 232 வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். உங்கள் கணவருக்கு ஏறியது 18, அதாவது 9 சதவீதம். பாதி தூரம்கூடப் போகவில்லை.

அப்படியானால் அம்புக்குறி ஏன் விழுந்தது? 200 என்ற கோட்டைத் தாண்டியதால் விழுந்தது, அவ்வளவுதான். அது மருத்துவர்கள் வசதிக்காகப் போட்ட கோடு. அவருடைய நடு நிலை 205 என்று இருந்தால், ஒரு வருடம் கோட்டுக்குக் கீழே, அடுத்த வருடம் மேலே என்று காலம் முழுக்க அம்புக்குறி வந்து வந்து போகும். அடுத்த முறை 199 வந்தால் முட்டையை நிறுத்தியதால்தான் இறங்கியது என்று நீங்கள் நம்புவீர்கள். பத்தியம் பலித்தது என்று நம் வீடுகளில் சொல்லப்படும் கதைகளில் கணிசமானவை இப்படி உருவானவை என்பது என் சந்தேகம். உயர்ந்த எண்ணைப் பார்த்துப் பயந்துதான் பத்தியம் ஆரம்பிக்கிறோம். உயர்ந்த எண் அடுத்த முறை தானாகவே கொஞ்சம் இறங்கி வருவதுதான் வழக்கம். மாத்திரை வேண்டுமா என்பதை எல்டிஎல் அளவு, வயது, புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இந்த 18 புள்ளி ஏற்றம் அதற்குக் காரணமாகாது. முட்டையைத் தாராளமாகக் கொடுங்கள்.

இப்போது கிரியாட்டினின். 9-உம் 20.25-உம் சேர்ந்தால் 29.25, வர்க்கமூலம் 5.4, அதை 2.77-ஆல் பெருக்கினால் 15 சதவீதம். 0.82-இலிருந்து தற்செயலாக ஏறினால் 0.94 வரை ஏறலாம். வந்திருப்பதோ 1.08, கிட்டத்தட்ட 32 சதவீதம் கூடுதல். எல்லையைப்போல இரண்டு மடங்கு.

நார்மல் அளவுக்குள் இருக்கும்போது இது எப்படிச் சாத்தியம் என்றால், கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. கட்டுமஸ்தான ஆளுக்கு 1.2 இயல்பு, மெலிந்தவருக்கு 0.75 இயல்பு. இவர்கள் எல்லோரையும் அடக்க வேண்டியிருப்பதால் நார்மல் அளவு 0.7 முதல் 1.3 வரை அகலமாகிவிடுகிறது. ஆனால் தனி ஆள் ஒவ்வொருவரும் அதற்குள் ஒரு குறுகிய இடத்தில்தான் காலம் கழிக்கிறார். ஊரோடு ஒப்பிட அச்சிட்ட அளவைத் தன்னோடு தன்னை ஒப்பிடப் பயன்படுத்தினால், 0.8-இல் இருந்தவர் 1.3-ஐத் தொடும் வரை எல்லோரும் நார்மல் என்றே சொல்லிக்கொண்டிருப்போம். இன்று பழக்கத்தில் உள்ள சூத்திரப்படி 58 வயது ஆணுக்கு 0.82 என்றால் சிறுநீரக வடிகட்டல் திறன் சுமார் 102. 1.08 என்றால் சுமார் 80. பல லேப்கள் 60-க்குக் கீழே போனால்தான் சத்தம் போடும். ஆனால் இந்தத் திறன் அடுத்த பரிசோதனையில் 20 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அது வழக்கமான ஏற்ற இறக்கத்தை மீறியது, காரணம் தேட வேண்டும் என்று சர்வதேச சிறுநீரக வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. 102-இலிருந்து 80 என்பது 22 சதவீத இறக்கம்.

உடனே சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றம் நிஜம் என்று மட்டும்தான் கணக்கு சொல்கிறது, என்ன காரணம் என்று அது சொல்லாது. முந்தின நாள் இரவு மட்டன் சாப்பிட்டாரா? சமைக்கும் சூட்டில் இறைச்சியிலுள்ள கிரியாட்டின் கிரியாட்டினினாக மாறி, சாப்பிட்டபின் பல மணி நேரம் ரத்தத்தில் எண்ணைக் கூட்டும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்தாலும் கூடும். ஒரே லேப்தான் என்றாலும் இடையில் கருவியையோ முறையையோ மாற்றியிருக்கலாம். பழைய பிக்ரிக் அமில முறையிலிருந்து என்சைம் முறைக்கு மாறியிருந்தால் இரண்டு எண்களையும் இந்தச் சூத்திரத்தில் போடவே கூடாது, அது ஒரே முறையில் அளந்ததற்கு மட்டும்தான். இதை லேபில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் சொன்ன முழங்கால் வலி மாத்திரை. அந்த வகை மாத்திரைகளில் பல, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. பாராசிட்டமால் மட்டும் என்றால் அந்தக் கவலை இல்லை. பெயரைப் பார்க்காமல் நான் எதையும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 95 சதவீத உறுதி என்றால், ஒன்றுமே மாறாதபோதும் இருபதில் ஒரு முறை எல்லை தாண்டும். முழு உடல் பரிசோதனைத் தாளில் முப்பது எண்கள் இருந்தால் ஒன்றிரண்டு சும்மாவே தாண்டத்தான் செய்யும். உங்கள் கணவரின் கிரியாட்டினின் எல்லையை ஒட்டி நிற்கவில்லை, வெகுதூரம் தாண்டியிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எல்லை எல்லாப் பரிசோதனைக்கும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். தைராய்டுக்கான டிஎஸ்எச்சில் உடம்பின் ஏற்ற இறக்கம் மட்டுமே 18 சதவீதத்தை ஒட்டி வருவதால், 50 சதவீதம் மாறினால்தான் கணக்கில் எடுக்கலாம். அங்கே 3.8-உம் 5.2-உம் ஒன்றேதான்.

செய்ய வேண்டியது இது. ஒரு வாரம், பத்து நாளில் அதே லேபில் கிரியாட்டினினை மட்டும் மறுபடி பாருங்கள். முந்தின நாள் இறைச்சி வேண்டாம், கடும் உடற்பயிற்சி வேண்டாம், தண்ணீர் வழக்கம்போல் குடிக்கட்டும், காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கட்டும். ரிசல்ட்டை இரண்டு தசம இடத்தில் கேட்டு வாங்குங்கள். 0.94-ஐ 0.9 என்றும் 0.95-ஐ 1.0 என்றும் அச்சிடும் லேப்கள் உண்டு, அங்கே இல்லாத 11 சதவீதம் தாளில் முளைத்துவிடும். 0.85-ஐ ஒட்டி வந்தால் இந்த வருட எண் ஏதோ தற்காலிகக் காரணத்தால் ஏறியது என்று விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு முறை பாருங்கள். மறுபடியும் 1.05 பக்கம் வந்தால் மூன்று ரிப்போர்ட்டையும், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்று பார்க்கச் சொல்வார், தேவைப்பட்டால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையும் எழுதுவார். நீண்டகாலச் சிறுநீரகக் கோளாறு என்று பெயர் வைப்பதற்கு மூன்று மாதத்துக்கு மேல் மாற்றம் நீடிக்க வேண்டும், அதனால் முதல் நாளே யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வலி மாத்திரையைப் பற்றி மட்டும் இன்றே மருத்துவரிடம் நேரிலோ போனிலோ கேட்டுவிடுங்கள், மறு பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம்.