மடிநோய்க்குக் கற்றாழை மருந்து: பயன் எதுவரை, கேடு எங்கே?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வயல்கள் வீட்டு மனைகளாக மாறிய பின்னும், வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று கறவைகளை வைத்துப் பிழைப்போர் இன்றும் இருக்கின்றனர். மேய்ச்சல் நிலம் குறுகியதால் மாடு பெரும்பாலும் கொட்டிலிலேயே நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாணமும் சிறுநீரும் மழைநீரும் கலந்து தரை சேறாகிவிடும். அந்தச் சேற்றில் படுத்தெழும் பசுவின் காம்புத் துவாரம் வழியாகக் கிருமிகள் நுழைந்து மடியைத் தாக்குவதே மடிநோய். மழைக்காலத்தில் இந்நோய் மிகுவதற்கு இதுவே முதற்காரணம்.

இந்நோய்க்கு நம் முன்னோர் கையாண்ட மருந்துகள் பல. அவற்றுள் சோதித்துப் பார்க்கப்பட்டதும் உண்டு. மடியையே பாழாக்குவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

கற்றாழைப் பூச்சு

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக் கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, நாட்டு மருந்துகளை அளவோடு வகுத்து உழவர்களிடையே பரப்பினார். அவற்றுள் மடிநோய்ப் பூச்சு பெரிதும் அறியப்பட்டது. தேசியப் பால்வள வாரியமும் இதனைப் பால் உற்பத்தியாளர்களுக்கு எடுத்துக் கூறி வருகிறது.

சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகிய மூன்றையும் சேர்த்து மைய அரைக்க வேண்டும். சுண்ணாம்பு என்பது வெற்றிலைக்கு இடும் நீர்த்த சுண்ணாம்பேயாகும். நீற்றாத கல் சுண்ணாம்பைச் சேர்த்தால் தோல் வெந்துவிடும். ஆரத்தி நீரைப் போலவே, மஞ்சள் சுண்ணாம்போடு கூடியதும் விழுது சிவக்கும். ஆனால் சுண்ணாம்பு மிகுந்தாலும் அதே சிவப்புத்தான் வரும். ஆதலின் நிறத்தை நம்பாமல் நிறுத்துச் சேர்ப்பதே முறை.

பூசுமுன் மடியைக் கழுவித் துடைத்து, நோயுற்ற காம்பின் பாலை முழுவதும் கறந்துவிட வேண்டும். இதுவே மருந்தில் பாதி எனலாம். கிருமியும் அதன் நஞ்சும் பாலோடு வெளியேறுகின்றன. பின்னர் ஒரு கைப்பிடி விழுதை எடுத்து, சுமார் 150 முதல் 200 மில்லி நீரில் கரைத்து, மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும் என்பது வகுத்த முறை. விழுதை அன்றன்று புதிதாக அரைத்துக் கொள்ள வேண்டும். இதனோடு நாளொன்றுக்கு இரண்டு எலுமிச்சம் பழங்களை இரண்டாக அரிந்து, தின்னக் கொடுப்பதும் வழக்கம்.

சான்று எவ்வளவு?

மஞ்சளும் கற்றாழையும் வீக்கத்தைத் தணிப்பவை என்பதும், சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பவை என்பதும் ஆய்வுக் கூடங்களில் கண்டவை. பூச்சு இட்ட பசுக்களில் வீக்கமும் திரிந்த பாலும் குறைந்ததாகக் கள ஆய்வுகளும் தெரிவிக்கின்றன.

எனினும் ஒன்றை மறத்தல் கூடாது. இலேசான மடிநோய், அடிக்கடி கறந்துவிட்டால் தானே தணிவதும் உண்டு. பூசினோம், குணமாயிற்று என்பதனால் மட்டும் பூச்சுதான் குணப்படுத்தியது என்று முடிவு கட்ட இயலாது. மேலும் பூச்சு தோலின்மேல் நிற்பது; மடியின் உள்ளே ஆழப் பதிந்த கிருமியை அது எட்டும் என்று எண்ணி இருந்துவிடலாகாது. ஆகவே இது தொடக்க நிலைக்கு உரிய துணை மருந்து; கடும் நோய்க்கு உரியதன்று.

ஒரு பசுவைக் கொண்டு பார்ப்போம்

பூவிருந்தவல்லியை அடுத்த ஓர் ஊரில் ஒரு கலப்பினப் பசு இருப்பதாகக் கொள்வோம். காலையில் கறக்கும்போது பின் வலக்காம்பின் முதற்பீச்சைக் கருந்துணி கட்டிய கிண்ணத்தில் விட்டால், துணியின்மேல் தயிர்த் துணுக்குகள் தங்குகின்றன. அந்தப் பக்கத்து மடி சற்றுச் சூடாக இருக்கிறது. பசு தீவனம் தின்கிறது, அசை போடுகிறது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 101.5 பாகை பாரன்ஹீட். இது இயல்பான வெப்பமே. இந்நிலையில் பூச்சைத் தொடங்கலாம். நல்ல காம்புகளை முதலிலும் நோயுற்ற காம்பைக் கடைசியிலும் கறக்க வேண்டும். அந்தப் பாலைக் கொட்டில் தரையில் விடாமல் தனிப் பாத்திரத்தில் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். சங்கத்துப் பாலோடு கலத்தல் கூடாது. கன்று ஊட்டுவதாயின் முதலில் பூச்சைக் கழுவிவிட்டு, நல்ல காம்புகளில் மட்டும் விட வேண்டும்.

மறுநாட் காலையில் துணுக்கு குறைந்து மடி இளகியிருந்தால் பூச்சைத் தொடரலாம். குறையவில்லை எனில் அன்றே கால்நடை மருத்துவரை நாட வேண்டும். வெப்பம் 103 பாகையைத் தாண்டினாலோ, பசு தீவனத்தை விட்டாலோ, பால் நீர்த்தோ இரத்தம் கலந்தோ நாறியோ வந்தாலோ, ஒரு நாள்கூடக் காத்தல் ஆகாது. காம்பு குளிர்ந்து நீலம் பாரித்தால் அம்மடி அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பசுவின் உயிருக்கே ஆபத்து. 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். மருத்துவர் ஊசி போட்டால், எத்தனை நாள் பாலை விற்கலாகாது என்பதையும் அவரிடமே கேட்டுக் கொள்க.

கேடு செய்யும் வழக்கங்கள்

பால் அடைத்துக் கொண்டது என்று வேப்ப ஈர்க்கையோ கோழி இறகையோ காம்புத் துவாரத்தில் செலுத்துவது ஒரு பழைய வழக்கம். காம்பின் நுனியில் துவாரத்தை இறுக்கி மூடும் தசையும், உட்புறத்தில் கிருமியைத் தடுக்கும் மெழுகு போன்ற படலமும் உள்ளன. ஈர்க்கு அப்படலத்தைக் கிழித்து, வெளிக் கிருமியையும் உள்ளே தள்ளிவிடும். புண் ஆறும்போது தழும்பு கட்டித் துவாரம் அடைபடும். அக்காம்பு பிறகு பால் தருவது அரிது. காய்ச்சிய எண்ணெயையோ இலைச் சாற்றையோ காம்புக்குள் செலுத்துவதும் இதே கேட்டைச் செய்யும். மூலிகை நல்லதாயினும் செல்லும் வழி தவறு. காம்புக்குள் மருந்து செல்ல வேண்டுமானால், அது தூய்மையாக்கப்பட்டு அடைத்த மருந்தாக, மருத்துவர் காட்டும் முறையில் செல்ல வேண்டும்.

மற்றொன்று, காய்ச்சல் கண்ட பசுவின் தலையைத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்துக் கொண்டு, மூங்கில் குழாயால் கஷாயமோ எண்ணெயோ புகட்டுவது. நாக்கைப் பிடித்தால் பசுவால் விழுங்க இயலாது. மருந்து மூச்சுக் குழலில் இறங்கும். புகட்டும்போதே பசு இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்த வேண்டும். ஓரிரு நாளில் மூச்சு வாங்குதலும் மூக்கில் சளியும் தோன்றினால், அது நுரையீரல் அழற்சியின் அறிகுறி. மடிநோயில் பிழைக்க வேண்டிய பசு, மருந்து புகட்டிய கையாலேயே இறப்பது இவ்வாறுதான். எலுமிச்சையைத் தின்னக் கொடுப்பதில் இத்துன்பம் இல்லை; பசு தானே மென்று விழுங்குகிறது.

ஆகவே கற்றாழை விழுது மடியின் வெளிப்புறத்தோடு நிற்கட்டும். காம்புத் துவாரத்தினுள் எதுவும் புக வேண்டா. கருந்துணிக் கிண்ணமும் வெப்பமானியும் கொட்டிலில் எப்போதும் இருக்கட்டும். பூசுவதா, மருத்துவரை அழைப்பதா என்பதை அவை இரண்டும் சொல்லும்.